மாங்குளப் பக்கத்துப் பழைய பங்களா: பெரிய விறாந்தை ஏன் மேற்குப் பக்கம்?

வாசிகசாலைச் செல்வன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனசமூக நிலையத்துக்கு வாசிகசாலை நடத்த ஒரு பழைய அரசாங்க பங்களாவைத் தற்காலிகமாகத் தந்திருக்கினம். மாங்குளத்திலயிருந்து கொஞ்சம் உள்ளுக்கு, காட்டோரம். வெள்ளைக்காரன் காலத்தில அதிகாரிமார் சேர்க்கிட் வந்தால் தங்கி அலுவல் பார்த்த இடம். சண்டையில ஓட்டில பாதி போச்சு. சுவர்கள் நல்லாய் நிற்குது.

நேற்று ரேப் பிடிச்சு அளந்தம். கட்டடம் 60 அடிக்கு 45 அடி. தரை நிலமட்டத்திலயிருந்து 3 அடி உயரம். சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. உள்ளுக்குள்ள கூரை 14 அடி. முன் விறாந்தை 10 அடி அகலம், தாழ்வாரத்து நுனி தரையிலயிருந்து ஏழரை அடி. வடக்கிலயும் தெற்கிலயும் 5 அடி விறாந்தை. பின்பக்கம், கிழக்கில, வெறும் தாழ்வாரம்தான். வளவு ஏறக்குறைய 2 ஏக்கர், கட்டடம் நடுவில.

முன் விறாந்தை மேற்குப் பார்த்துக் கிடக்கு. பின்னேரம் வெயில் நேரே உள்ளுக்கு வருது, பிள்ளையள் இருந்து படிக்க ஏலாது. நிர்வாகத்தில சிலர் சொல்லினம், விறாந்தையைக் கல்லுக் கட்டி அடைச்சால் ரெண்டு அறை கிடைக்கும், வெயிலும் நிற்கும் எண்டு. எனக்கு மனம் ஒப்பேல்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியேல்லை. இவ்வளவு யோசிச்சுக் கட்டின ஆக்கள் பெரிய விறாந்தையை ஏன் வெயில் கொளுத்துற பக்கம் வைச்சவை?

காத்தவராயன்

தம்பி, அது காத்துக்காக. வன்னியில வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோளகம் தென்மேற்கால அடிக்கும். மேற்கில அகலமான விறாந்தை வைச்சால் காத்தைப் பிடிச்சு உள்ளுக்கு விடும். வெள்ளைக்காரன் குளிர்நாட்டுக்காரன், இஞ்சத்தைய வெக்கை அவனுக்குத் தாங்காது. அவன் கட்டின ஒவ்வொரு அடியும் வெக்கையைத் தணிக்கத்தான். உயரக் கூரை, தடிச்ச சுவர், சுத்திவர விறாந்தை, பெரிய வளவு, எல்லாம் அதுக்குத்தான். அடைக்கவேண்டாம்.

சுண்ணாம்புச்சாந்து

அடைக்கவேண்டாம் என்பதில் காத்தவராயன் அண்ணையோடு நானும் உடன்பாடு. காரணத்தில் பாதிதான் உடன்பாடு. செல்வன், மூன்று விசயம் சொல்லுங்கோ. வீதி எந்தப் பக்கம்? குசினி எந்த மூலையில்? சுவரின் மேற்பகுதியில், விறாந்தைக் கூரைக்கு மேலே, சின்னச் சின்ன யன்னல்கள் இருக்கா?

வாசிகசாலைச் செல்வன்

வீதி மேற்கில, ஐயா. படலையிலயிருந்து படி மட்டும் நேர்ப் பாதை. குசினி தனிக் கட்டடம், வடகிழக்கு மூலையில, பெரிய வீட்டிலயிருந்து 30 அடி தள்ளி. மேல் யன்னல் நாலு இருந்திருக்கு, இப்ப பலகை அடிச்சு மூடியிருக்கு. வௌவால் வராமல் ஆரோ அடிச்சிருக்கினம்.

சுண்ணாம்புச்சாந்து

நன்றி. முதலில் வெயிலைக் கணக்கெடுப்பம். மாங்குளம் வடக்கு அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கு. இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

தெற்குப் பக்கத்துக்கு மிக மோசமான நேரம் மார்கழி நடுப்பகல். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும். உங்கள் தாழ்வாரம் ஏழரை அடி உயரம். அந்தச் சுவர் முழுக்க நிழலில் நிற்க 5 அடி விறாந்தை போதும். உங்களிடம் சரியாக 5 அடி இருக்கு.

வடக்குப் பக்கத்துக்கு மோசமான காலம் ஆனி. எங்கள் நாட்டில் அந்த மாதம் நடுப்பகல் வெயில் வடக்கேயிருந்து வரும், ஆனால் சூரியன் 75 பாகைக்கு மேலே நிற்கும். 2 அடித் தாழ்வாரமே போதும். அங்கே 5 அடி கட்டியிருக்கிறார்கள் என்றால் அது வெயிலுக்கு அல்ல, மாரிக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு சாய்ந்து வரும் மழை சுண்ணாம்புச் சுவரை நனைக்காமல் இருக்கத்தான் அந்த அகலம்.

இப்போது மேற்கு. பங்குனி நடுப்பகுதியை எடுப்பம். பின்னேரம் 3 மணிக்குச் சூரியன் 44 பாகையில், உங்கள் 10 அடி விறாந்தை சுவர் முழுவதையும் காக்கும். மூன்றரைக்கு வெயில் சுவரடியைத் தொடும். 4 மணிக்குச் சுவரில் ஏறக்குறைய 2 அடி உயரம் வரும். 5 மணிக்கு 5 அடி. அப்போது விறாந்தையில் கதிரை போட்டு இருப்பவருக்கு முகத்திலேயே அடிக்கும். 10 அடியை 15 அடி ஆக்கினாலும் 5 மணி வெயில் வரத்தான் செய்யும். தாழ்ந்து வரும் வெயிலைக் கூரையால் மறிக்க ஏலாது, தொங்கவிடும் தட்டியால்தான் மறிக்கலாம்.

அப்ப, காலநிலை மட்டும் பேசியிருந்தால் மேற்கில் விறாந்தையே குறுகலாக இருந்து, தட்டி நிறைய இருந்திருக்கும். அகல விறாந்தை தெற்கில், சோளகம் வரும் பக்கம், வந்திருக்கும். மேற்கில் வந்ததற்கு ஒரே காரணம் வீதி மேற்கில் இருப்பது. அதிகாரி வீதியைப் பார்க்கவேண்டும், வீதியில் வருபவன் அதிகாரியைப் பார்க்கவேண்டும்.

ஆனால் அதைப் பிழை என்றும் சொல்லமாட்டன். காலமை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரை மேற்கு விறாந்தைக்கு முழு வீடுமே நிழல் குடுக்கும். அலுவல் நடந்தது காலமையில். மத்தியானச் சாப்பாட்டோடு துரை உள் அறைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகும் பதிலுக்குக் காத்திருந்த சனத்துக்குத்தான் மூன்றரை மணி வெயில். ஒரே விறாந்தைதான், அதன் நிழல் யாருக்கு எந்த நேரம் கிடைக்கும் என்பதை ஆட்சியின் நேர அட்டவணை தீர்மானித்தது.

காத்தவராயன்

கணக்கு விளங்குது. ஆனால் சோளகம் தென்மேற்கு, தெற்கு இல்லை. மேற்கு விறாந்தைக்கும் அது வரும். நீங்கள் காத்தைக் கணக்கில எடுக்கேல்லை.

சுண்ணாம்புச்சாந்து

வரும், மறுக்கவில்லை. தென்மேற்குக் காற்று இரண்டு சுவரையும் சாய்வாகத்தான் தொடும். காற்றுக்கு மேற்கும் தெற்கும் ஒரே அளவு நல்லது, வெயிலுக்குத் தெற்கு எவ்வளவோ நல்லது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெற்குத்தான் வரும். அதனால்தான் வீதியைக் காரணம் என்றேன்.

குசினியைப் பாருங்கோ, அதில் காற்றை எப்படி யோசித்தார்கள் என்று தெரியும். சோளகம் அடிக்கும் மாதங்களில் புகை வடகிழக்கே, காட்டுப் பக்கம் போய்விடும். துரைக்கு மணமே வராது. மாரியில் காற்று மாறி வடகிழக்கிலிருந்து வரும்போது அதே புகை வீட்டுக்குள் வரும். செல்வன், பெரிய வீட்டின் கிழக்குச் சுவரில், குசினியைப் பார்த்த மூலையில், கரி படிந்திருக்கா என்று பாருங்கோ.

வாசிகசாலைச் செல்வன்

இருக்கு ஐயா! தாழ்வாரத்துக்குக் கீழ ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கறுப்புக் கோடு. குண்டு விழுந்து எரிஞ்சதெண்டு எல்லாரும் நினைச்சிருந்தம். விரலால தேய்ச்சுப் பார்த்தன், எண்ணெய்ப் பசையோட வருது, வீட்டுக் குசினி முகட்டில படியிற அதே கரி.

ஓவசியர் மகள்

என்ர ஐயா நீர்ப்பாசனப் பகுதியில ஓவசியராய் இருந்தவர். நாங்கள் சின்னனாய் இருக்கேக்க இப்படியொரு பங்களாவுக்குப் பின்னால இருந்த லைன் வீட்டிலதான் இருந்தனாங்கள். அது சுதந்திரம் கிடைச்ச பிறகு, இருந்தாலும் பழக்கவழக்கம் மாறேல்லை.

சுண்ணாம்புச்சாந்து சொன்ன விறாந்தை விசயம் எனக்குக் கண்ணுக்குள்ள நிற்குது. பெற்றிசம் கொண்டு வாற சனம் படலையைத் தாண்டி வந்து புளியமரத்தடியில நிற்கும். அதுக்கு மேல வர ஏலாது. விதானையார் படியில ஏறி விறாந்தை நுனியில நிற்பார், செருப்பைக் கீழ கழட்டிப்போட்டு. உடையார் பரம்பரைக்காரர் வந்தால் அவருக்கு விறாந்தையிலயே ஒரு வாங்கு. கதிரை இல்லை, வாங்கு. எஞ்சினியர் துரை மாத்திரம் சாய்மனைக் கதிரையில. உள்ளுக்கு, கதவுக்கு அங்கால, ஆரும் போனதை நான் காணேல்லை. ஐயா மட்டும் கணக்குப் புத்தகத்தோட பின்பக்கத்தால போய் வருவார். எங்களுக்கு முன்படி கிடையாது. நாங்கள் குசினிப் பக்கத்துப் பாதை.

விறாந்தை 10 அடி எண்டு செல்வன் சொன்னதும் விளங்கிச்சு. மூண்டு தரத்து ஆக்கள் ஒருத்தரில ஒருத்தர் முட்டாமல் நிற்க அவ்வளவு வேணும்.

அம்மா சொல்லுவா, எங்கட வீட்டுத் திண்ணையில ஆரும் வந்து குந்தலாம், வழிப்போக்கனும் படுக்கலாம், அங்க மட்டும் ஏன் இப்படியெண்டு.

அல்சூர் முருகேசன்

வணக்கம், நான் பெங்களூர் தமிழன். நாலு தலைமுறையா அல்சூர்ல இருக்கோம். மதராஸ் சாப்பர்ஸ் படையோட வந்த குடும்பம். தலைப்பைப் பார்த்துட்டு உள்ளே வந்தேன்.

அந்த அம்மா சொல்ற மரத்தடி, படி, விறாந்தை, கதவு... இதையே ஒரு ஊர் அளவுக்குப் பெருசாக்கினா எங்க கன்டோன்மென்ட். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அங்கே காய்ச்சல்ல சிப்பாய்ங்க செத்துக்கிட்டே இருந்ததால, 1809ல பெங்களூருக்குப் படையை மாத்தினாங்க. பழைய பேட்டைக்குள்ள போகல. தள்ளிப் போய், மேடான இடத்துல, நடுவுல பெரிய பரேடு மைதானம் விட்டு, சுத்தி நேர்நேரா ரோடு போட்டாங்க. ரோட்டுப் பேரைப் பாருங்க: இன்ஃபன்ட்ரி ரோடு, பிரிகேட் ரோடு, கேவல்ரி ரோடு, ரெசிடென்சி ரோடு. கேவல்ரி ரோடு இப்போ காமராஜ் ரோடு. மகாத்மா காந்தி ரோடுக்கு அப்போ பேரு சவுத் பரேடு, மைதானத்துக்குத் தெற்கு ஓரம், அவ்வளவுதான். எந்தப் படைக்கு எங்கே இடம்னு ரோடே சொல்லிடும்.

பங்களாக்கள் பெரிய காம்பவுண்டோட ஒரு பக்கம். எங்க ஆளுங்க, சமையல்காரர், தோட்டக்காரர், துணி வெளுக்கிறவர், கடைக்காரர் எல்லாரும் பிளாக்பள்ளியிலயும் அல்சூர்லயும் நெருக்கி அடிச்சுக்கிட்டு. அங்கே ரோடு நேரா வராது, சந்துதான்.

வன்னியில இந்த மாதிரி கன்டோன்மென்ட் இருந்துச்சா?

இரணைமடு

இருந்தது. கிளிநொச்சியப் பாருங்கோ. ஏ9 வீதி நேர், ரயில் பாதை அதுக்குப் பக்கத்தில நேர், அதிலயிருந்து குறுக்கு வீதியள் ஒரே இடைவெளியில. சதுரம் சதுரமாய்க் காணி. 155ஆம் கட்டை எண்டு கட்டைக் கணக்கில ஊர்ப்பேர். வெள்ளைக்காரன் இராணுவ முறையில போட்ட ஊர் எண்டு சின்ன வயசிலயிருந்து கேள்விப்பட்டனான்.

இன்னொண்டு கேக்கோணும். என்ர வீடு இந்தக் காணியிலதான், அஸ்பெஸ்டஸ் சீற் போட்டது. இரவு ஒன்பது மணிக்கும் உள்ளுக்குப் படுக்க ஏலாது. விறாந்தை ஒண்டு இழுத்தால் சரிவருமோ?

சுண்ணாம்புச்சாந்து

முருகேசன், வன்னியில் கன்டோன்மென்ட் இருக்கவில்லை. பிரிட்டிஷ் படை முல்லைத்தீவிலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டைகளுக்குள் இருந்தது. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதே வருசம் ஐப்பசிக் கடைசியில் கச்சிலைமடுவில் டிரிபேர்க் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் படை அவரைத் தோற்கடித்தது. அதற்குப் பிறகு இங்கே பெரிய படையை வைத்திருக்க அவர்களுக்குத் தேவை வரவில்லை. ஆட்சி நடந்தது கச்சேரி, வாடிவீடு, சேர்க்கிட் பங்களா ஆகியவற்றால். இலங்கையில் கன்டோன்மென்டுக்கு நெருங்கிய ஊர் என்றால் தியத்தலாவை. தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போவர் கைதிகளை 1900இல் அங்கேதான் அடைத்தார்கள்.

ஆனால் படை வரவில்லை என்பதற்காகப் படையின் கட்டட முறை வரவில்லை என்று சொல்ல முடியாது. இலங்கையில் வீதிப் பகுதியைப் பல காலம் நடத்திய தோமஸ் ஸ்கின்னர் இராணுவ அதிகாரி. இந்தியாவில் பொதுவேலைப் பகுதியையே இராணுவ எஞ்சினியர்கள்தான் கட்டி எழுப்பினார்கள். படை வீட்டுக்கு என்ன விதியோ அதைத்தான் பங்களாவுக்கும் கையோடு கொண்டு வந்தார்கள்.

அந்த விதிகள் ஒரு பயத்திலிருந்து வந்தவை. 1859இல் லண்டனில் ஒரு அரச ஆணைக்குழு வைத்து, இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் எப்படிச் சாகிறார்கள் என்று விசாரித்தார்கள். 1863இல் அறிக்கை வந்தது. வருசத்துக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் நோயால். அந்தக் காலத்து வைத்தியத்தில் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று, ஈர நிலத்திலிருந்து எழும் ஆவி. நுளம்பு என்று ரொனால்ட் ரொஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதுவரை கட்டியதெல்லாம் ஆவிக்குப் பயந்து கட்டியது. தரையை 3 அடி தூக்கியது, கட்டடத்தை மேட்டில் வைத்தது, வளவில் புல்லைக்கூட வளரவிடாமல் செருக்கியது, ஊர்க் குடியிருப்பிலிருந்து காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றது, எல்லாம் அதனால். காரணம் பிழை என்றாலும் சில பலன் கிடைத்தது. மேடும் வடிகாலும் தேங்கிய தண்ணியைக் குறைத்தன, நுளம்பும் குறைந்தது.

அந்தப் பயத்துக்குள் இன்னொரு பயமும் கலந்து நின்றது. ஊர்ச் சனத்தின் மூச்சும் குப்பையும்தான் கெட்ட காற்று என்று நம்பியவன், சனத்தை விலக்கி வைப்பதைச் சுகாதாரம் என்று எழுதிவிடலாம். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு சனத்தின் மேல் உண்மையாகவே அவர்களுக்குப் பயம் இருந்தது. பரேடு மைதானம் காற்றோட்டத்துக்கு என்றும் சொல்லலாம், துவக்குக்குப் பார்வை மறையாமல் இருக்க என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை.

இரணைமடுத் தம்பி, கிளிநொச்சிக் கட்டம் வேறு கதை. அது குளத்தால் வந்த கட்டம். இரணைமடுவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி, 1930களில் குடியேற்றத் திட்டம் வந்தபோது காணி பிரித்தார்கள். காணிப் படத்தை எடுத்து வாய்க்காலைப் பாருங்கோ. பெரிய வாய்க்கால் நேராகப் போகாது, நிலத்தின் சரிவோடு வளைந்து போகும். கிளை வாய்க்கால்கள் அதிலிருந்து இறங்கும், வயல் துண்டுகள் கிளைவாய்க்காலில் தொங்கும். தண்ணி தானாக இறங்கவேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி. கன்டோன்மென்டில் வீதிகள் மைதானத்தைச் சுற்றி நிற்கும், எந்த மூலையிலிருந்தும் படை சீக்கிரம் கூடவேண்டும். கிளிநொச்சியில் அப்படி ஒரு நடு கிடையாது. ரயில் 1905இல் யாழ்ப்பாணத்தையும் தெற்கையும் இணைத்தது, அது நேராகப் போனது ரயிலின் தேவைக்கு. கட்டைக் கணக்கும் வீதி ஓவசியருக்கு வேலை பிரிக்க வந்தது, அதை ஊர்ப்பேராக்கியது சனம்.

இரணைமடு

வாய்க்கால் வளைவு சரிதான், எங்கட காணியே நேராய் இல்லை, ஒரு மூலை கூர். ஆனால் ஆருக்கு எத்தனை ஏக்கர், ஆர் எந்த வாய்க்காலில எண்டு தீர்மானிச்சது கச்சேரி. தண்ணி போட்ட கட்டமெண்டாலும் பேனை பிடிச்சது அரசாங்கம். அதையும் ஆட்சி எண்டுதான் சொல்லவேணும்.

சுண்ணாம்புச்சாந்து

அதை ஏற்கிறேன். ஆட்சிதான், படையாட்சி அல்ல.

உங்கள் வீட்டுக்கு விறாந்தை இழுத்தால் சுவர் குளிரும், கூரை குளிராது. உங்களுக்கு வெக்கை மேலேயிருந்து வருது. சீற்றுக்குக் கீழே சீலிங் அடித்து, இடையில் ஒரு அடி வெளி விட்டு, இரண்டு முகட்டுப் பக்கமும் காற்றுப்போக்கு வையுங்கோ. சீற் பழசென்றால் நீங்களே துளைக்கவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

அரிப்பு அந்தோனி

நான் மன்னார்ப் பக்கம். காலநிலையைப் பாராமல் ஆட்சிக்கெண்டே கட்டினதைப் பார்க்கோணும் எண்டால் அரிப்புக்கு வாங்கோ. முதல் பிரிட்டிஷ் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில கட்டின மாளிகை, டொரிக் எண்டு சொல்லுவினம். முத்துக்குளிப்பு நடக்கேக்க நின்று பார்க்கக் கட்டினது. கிரேக்கக் கோயில் மாதிரித் தூண். செங்கல்லில கட்டி, சிப்பிச் சுண்ணாம்பு பூசினது. கடலைப் பார்த்து, கரை மேட்டு விளிம்பில. வருசத்தில ஒரு சில கிழமைதான் அங்க அலுவல், அதுவும் கடற்காத்து நல்லாய் வாற காலம். பிறகு வெயிலைப் பற்றி ஆருக்குக் கவலை? கடலில நிற்கிற தோணிக்காரனுக்குத் தேசாதிபதி வீடு தெரிஞ்சால் போதும். இப்ப கடல் மேட்டை அரிச்சுச் சுவர் துண்டு துண்டாய் விழுது. சின்னனில நாங்கள் ஏறி விளையாடின சுவர் இப்ப மணலுக்குள்ள.

காத்தவராயன்

அந்தோனி சொன்னதிலயிருந்தே என்ர கதைக்கு ஆதாரம் வருது. 1804இல கிரேக்கத் தூண் வைச்சவன், நூறு வருசம் போக 5 அடி எண்டு நிழல் கணக்குப் பார்த்திருக்கிறான். இந்த மண்ணில இருந்து படிச்சிட்டான். அல்லது எங்கட ஆக்களிட்டப் படிச்சிட்டான். திண்ணையும் தாழ்வாரமும் வன்னி வீட்டில முந்தியே இருந்தது. மண்சுவரை மழையிலயிருந்து காக்கத் தாழ்வாரத்தைத் தாழ்த்தி இறக்கிறது எங்கட முறை. கட்டினதும் எங்கட மேசன்மார், தச்சன்மார். துரை வெறும் படம் கீறினவர்.

சுண்ணாம்புச்சாந்து

தாழ்வாரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஏழரை அடிக்கு இறக்கியது எங்கள் கைவேலைக்காரரின் அளவு என்றுதான் எனக்கும் படுது. விறாந்தை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சண்டை. வங்காளத்துக் குடிசையா, போர்த்துக்கேயர் பழக்கமா, ஒல்லாந்தர் தெரு வீட்டு முகப்பா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் கலந்தது என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஒரு வித்தியாசத்தை விடாதையுங்கோ. எங்கள் திண்ணை வீதியோடு ஒட்டும், அல்லது முற்றத்தோடு ஒட்டும். பங்களா விறாந்தைக்கும் வீதிக்கும் நடுவில் நூறு அடிக்கு மேல் வெறும் நிலம் கிடக்கும். ஓவசியர் மகள் அக்காவின் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நிலத்தில்தான் இருக்கு.

அல்சூர் முருகேசன்

காம்பவுண்ட் பத்தி ஒரு கேள்வி. 2 ஏக்கர்னா 87,000 சதுர அடிக்கு மேல. வீடு 2,700. முப்பத்திரண்டுல ஒரு பங்குதான் வீடு. எங்க ஊர்ப் பழைய பங்களாக்கள்ல இந்த அளவு வெறுமை நான் பார்த்ததில்ல. காட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவு?

சுண்ணாம்புச்சாந்து

2 ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 295 அடி. 60 அடி வீடு நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 117 அடி. ஒரு மரக்கூட்டம் அதன் உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தூரத்துக்குக் காற்றை நன்றாக மறிக்கும். 20 அடிப் பற்றைக் காடு என்றால் 100, 120 அடி. அளவு பொருந்துது. ஆனால் காற்றுக்கு வேண்டியது தென்மேற்கிலும் வடகிழக்கிலும் வெளி. நாலு பக்கமும் ஒரே அளவு விட்டதற்கு வேறு காரணம் தேடவேண்டும்.

ஓவசியர் மகள்

யானை.

சுண்ணாம்புச்சாந்து

அக்கா, யானையும் காட்டுத்தீயும் பாம்பும் உண்மை. வன்னியில் குடிசை போட்டவனுக்கும் அதே யானைதானே? அவன் வேலி போட்டான், காவல் கொட்டில் போட்டான், 2 ஏக்கரைச் செருக்கி வைக்க அவனிடம் ஆள் இல்லை.

ஓவசியர் மகள்

ஆள் இருந்தவன் செருக்கினான் எண்டு சொல்லுங்கோ. அது சரி. ஆனால் யானை வந்த இரவில அந்த வெளிதான் எங்களைக் காப்பாத்தினது, லைன் வீட்டில இருந்த எங்களையும் சேர்த்து. அதை ஆட்சியெண்டு மட்டும் எழுதிப்போட்டால் எனக்கு மனம் வராது.

பனங்காமத்தான்

நீங்கள் எல்லாம் பழங்கதை. இப்ப எங்கட பக்கத்தில இருக்கிற முகாமைப் போய்ப் பாருங்கோ. பாதை ரெண்டு பக்கமும் வெள்ளை அடிச்ச கல், நடுவில செருக்கின மைதானம், மூலையில காவல். வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன அதே அச்சு. அந்த மைதானத்துக்குள்ள என்ர பேரனாரின்ர காணியும் கிடக்கு.

மட்டுறுத்துநர்

பனங்காமத்தான், உங்கள் காணி விசயத்துக்குத் தனி இழை ஒன்று இருக்கு, அங்கே சட்டம் தெரிந்தவர்கள் பதில் எழுதுகிறார்கள். இந்தப் பதிவையும் இங்கே விடுகிறேன், வெள்ளைக் கல் பற்றிச் சொன்னது தலைப்புக்குப் பொருந்தும்.

வாசிகசாலைச் செல்வன்

இண்டைக்கு நிர்வாகக் கூட்டம். கணக்கைப் படிச்சுக் காட்டினன். மேற்கு விறாந்தையை அடைச்சால் வெயில் நிற்கும்தானே எண்டு இன்னும் ரெண்டுபேர் பிடிவாதம். என்ன சொல்ல?

சுண்ணாம்புச்சாந்து

அடைத்தால் புதுச் சுவரில் வெயில் விழும். ஆறு அங்குலக் கல்லுச் சுவர் மூன்றரையிலிருந்து ஆறு மணி வரை சூடேறி, இரவு முழுக்க உள்ளுக்கு விடும். உள் அறைகளுக்கு மேற்கு யன்னல் இல்லாமல் போகும், சோளகம் நுழைய வழி பாதியாகும். அடைத்த பங்களாவைக் கண்டுபிடிக்க வெப்பமானி தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு உள்ளுக்குப் போய் வெளியில் வாங்கோ, வெளி குளிராக இருக்கும்.

செய்யவேண்டியது இது. மேல் யன்னல் நாலையும் திறவுங்கோ, வௌவாலுக்குக் கம்பிவலை அடியுங்கோ. 14 அடி உயரம் வைத்ததே சூடான காற்று மேலே போய் அந்த வழியால் வெளியேறத்தான். அதை மூடினால் உயரக் கூரையால் பலனில்லை. மேற்குத் தூண்களுக்கு இடையில் தட்டி கட்டுங்கோ, தென்னோலையோ மூங்கிலோ, சுருட்டி ஏற்றக்கூடியதாக. தூணின் மேல்பகுதியில் பழைய இரும்புக் கொளுக்கி இருக்கா என்று பாருங்கோ, தட்டி தொங்கினதுக்கு அடையாளம்.

வாசிகசாலைச் செல்வன்

கொளுக்கி இருக்கு, தூணுக்கு ரெண்டு. கறல் பிடிச்சுச் சுவரோட ஒட்டிக் கிடக்கு. படம் எடுத்து நிர்வாகத்துக்குக் காட்டப்போறன்.

இன்னொண்டு. அடிச்சுவரில பூச்சு உதிருது. போன வருசம் ஆரோ சீமெந்து பூசியிருக்கினம், அது இப்ப பாளம் பாளமாய்க் கழண்டு விழுது, உள்ளுக்கு வெள்ளையாய் உப்பு.

சுண்ணாம்புச்சாந்து

சீமெந்துதான் காரணம். அந்தச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிப் பூச்சால் வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட்டது, ஈரம் பின்னால் நின்று உப்பைத் தள்ளுது. சீமெந்தை முழுக்கக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, உப்பைக் காய்ந்த தும்புத்தடியால் தட்டி எடுங்கோ, தண்ணி ஊற்றிக் கழுவவேண்டாம். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு மூன்று கிழமை தண்ணிக்குள் ஊறவிட்டுப் பூசுங்கோ. அவசரப்பட்டால் பூச்சில் கொப்புளம் வரும்.

காத்தவராயன்

தம்பி, ஓலைத் தட்டி நான் பின்னித் தாறன். எத்தனை தூண் இடைவெளி, ஒவ்வொண்டும் எத்தனை அடி எண்டு அளந்து போடு. ஆனால் சுண்ணாம்புச்சாந்து, வீதி கிழக்கில இருந்திருந்தால் அவங்கள் பெரிய விறாந்தையைக் கிழக்கில வைச்சிருப்பாங்களோ எண்டு எனக்கு இன்னும் சந்தேகம். கிழக்கு வீதிப் பங்களா ஒண்டு ஆருக்கும் தெரியுமோ?

ஓவசியர் மகள்

நாங்கள் இருந்த பங்களாவுக்கு வீதி தெற்கில, குளக்கட்டு கிழக்கில. பெரிய விறாந்தை தெற்கில எண்டுதான் ஞாபகம். ஆனால் எஞ்சினியர் துரை பின்னேரத்தில கிழக்குப் பக்கம் கதிரை போட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அங்கயும் கூரை இறக்கியிருந்தது. எத்தனை அடியெண்டு ஆர் அளந்தது?

வாசிகசாலைச் செல்வன்

மேற்கில ஆறு இடைவெளி அண்ணை. அதில படிக்கு நேரே உள்ளது 10 அடி, மற்ற அஞ்சும் 8 அடி. படிக்கு நேரே கட்டவேண்டாம், பிள்ளையள் ஏறி இறங்கோணும்.